பிரித்த வாக்கியம் ஏன் வேறு சொல்கிறது: மொழிபெயர்ப்பு வரைவில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த மருந்தை எத்தனை நாள் போடுவது, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அதில் இருக்கும். அப்படி ஒரு தாள், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய வரைவாக, செம்மைப்படுத்துவதற்கு என்னிடம் வந்தது. அதன் நான்காவது பத்தி முழுக்க ஒரே வாக்கியம்:

> அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீக்கத்தைக் குறைப்பதற்காக வழக்கமாகச் சில வாரங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துகள், சில நோயாளிகளில், குறிப்பாக ஏற்கனவே கண் நீர் அழுத்த நோய் உள்ள அல்லது குடும்பத்தில் அந்நோய் இருந்த வரலாறு கொண்டவர்களில், கண்டறியப்படாமல் விடப்பட்டால் பார்வை நரம்பைச் சேதப்படுத்தக்கூடிய கண்ணின் உள் அழுத்த உயர்வை ஏற்படுத்தலாம் என்பதால், மருத்துவர் கூறினால் ஒழிய, அறிவுறுத்தப்பட்ட காலத்தைத் தாண்டி நோயாளிகள் அம்மருந்துகளைத் தொடரவோ திடீரென நிறுத்தவோ கூடாது.

ஐம்பது சொற்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. மூலத்தில் உள்ள எதையும் மொழிபெயர்த்தவர் விடவும் இல்லை. ஆனால் இதை ஒரே மூச்சில் படித்துவிட்டு என்ன புரிந்தது என்று கேட்டால், "நிறுத்தக் கூடாதுன்னு வருது" என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாதிரிப் பத்தியைப் பார்த்ததும் பேனாவை எடுத்து வெட்டத் தோன்றும். நானும் வெட்டினேன். தாள் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும் என்று அவசரம். வந்தது இது:

> அறுவைக்குப் பின் வீக்கத்தைக் குறைக்கச் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தரப்படும். இது கண்ணின் உள் அழுத்தத்தை உயர்த்தும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் அந்நோய் இருந்தவர்களுக்கும் இப்படி ஆகலாம். அது பார்வை நரம்பைச் சேதப்படுத்தும். எனவே மருந்தைத் தொடர்ந்து போடக் கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொன்னால் நிறுத்தலாம்.

ஏழு வாக்கியம், எல்லாம் குட்டி. பார்க்கவே அழகாக இருந்தது. மாசி வீதியில் நான் வேலை பார்க்கும் மாடிக்குக் கீழே பூக் கட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அவரிடம் படித்துக் காட்டினேன். நாரிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "ஏந்தம்பி, இந்த மருந்து போட்டா நரம்பு போயிரும்னு போட்டிருக்கீக. அப்புறம் எதுக்கு அதைப் போடச் சொல்றாக?"

நீளமாக இருந்தபோது வாக்கியம் புரியவில்லை, அவ்வளவுதான். நான் வெட்டிய பிறகு அது தப்பாகப் புரிந்தது. இரண்டாவதுதான் ஆபத்து. கீழே வருபவை அந்த ஏழு வாக்கியங்களில் நான் கண்ட கோளாறுகள். உங்கள் வரைவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: பிரித்த பிறகு "ஆகலாம்" என்பது "ஆகும்" என்றாகிவிட்டது

இதை முதலில் வைக்கிறேன். அதிகம் நடப்பதும், கண்ணில் படாமல் போவதும் இதுதான்.

தமிழ் வாக்கியத்தில் உறுதியும் ஐயமும் பெரும்பாலும் கடைசி வினைமுற்றில் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் வரும் எச்சங்களுக்குச் சொந்தமாக உறுதி கிடையாது. கடைசி வினையிடம் கடன் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஐயத்தைக் காட்டும் சொல் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்திலேயே நிற்கும். நமக்கு அது ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு மாதிரி. நடுவில் ரயிலைக் கழற்றினால் முன்பாதி கார்டு இல்லாமல் போய்விடும்.

மதுரைக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தில் வைத்துப் பார்க்கலாம். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66, 68.5, 69 அடி என்று ஏறும்போது மூன்று கட்டமாக வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். இப்படி ஒரு வாக்கியம் வரைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்குவதற்காக நானே கட்டியது:

> நீர்வரத்து இதே அளவில் நீடித்தால், நீர்மட்டம் இரண்டு நாளில் 69 அடியை எட்டி, உபரிநீர் திறக்கப்பட்டு, மதுரையில் ஆற்றோரத் தரைப்பாலங்கள் மூழ்கக்கூடும் என்று பொறியாளர்கள் கருதுகின்றனர்.

"எட்டி", "திறக்கப்பட்டு" இரண்டும் எச்சங்கள். கடைசியில் வரும் "கூடும்" மூன்று நிகழ்வுக்கும் சேர்த்துப் போர்த்திய போர்வை. "என்று கருதுகின்றனர்" அதற்கும் மேலே இன்னொரு போர்வை. இதை அப்படியே நறுக்கினால்:

> நீர்வரத்து இதே அளவில் நீடித்தால், நீர்மட்டம் இரண்டு நாளில் 69 அடியை எட்டும். உபரிநீர் திறக்கப்படும். ஆற்றோரத் தரைப்பாலங்கள் மூழ்கக்கூடும் என்று பொறியாளர்கள் கருதுகின்றனர்.

இரண்டாவது வாக்கியத்தைத் தனியாகப் படியுங்கள். "உபரிநீர் திறக்கப்படும்." இது கணிப்பு இல்லை, அரசு அறிவிப்பு. கரையோரத்தில் மாடு கட்டியிருப்பவர் அன்று ராத்திரியே அவிழ்த்துக்கொண்டு போவார். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, எச்சத்தை முற்றாக்கியது மட்டும்தான். அதிலேயே பொருள் மாறிவிட்டது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் "-உம்" என்று முடியும் வினை வெறும் எதிர்காலம் இல்லை. நெருப்பு சுடும், வேம்பு கசக்கும் என்கிறோமே, அந்த "-உம்" எப்போதும் எல்லாருக்கும் நடப்பதைச் சொல்வது. "இது கண்ணின் உள் அழுத்தத்தை உயர்த்தும்" என்று நான் எழுதியதும் அது மருந்தின் இயல்பு என்றாகிவிட்டது. போட்டால் ஏறும், யாருக்கானாலும். அந்த அக்கா கேட்ட கேள்வி நியாயமானது.

சரிசெய்ய: வெட்டும் முன் வாக்கியத்தில் உள்ள எல்லா வினைகளையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள், எச்சங்களையும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் நேரே மூலத்தைப் பார்த்து மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நடப்பது, நடக்கக்கூடியது, செய்ய வேண்டியது. எங்கள் பத்திக்கு இப்படி வந்தது. மருந்து வீக்கத்தைக் குறைப்பதற்காக என்பது நடப்பது. சில வாரங்களுக்கு எழுதித் தருவது, "வழக்கமாக" என்ற அளவுக்கு நடப்பது. அழுத்தம் உயர்வது சிலருக்கு நடக்கக்கூடியது. நரம்பு கெடுவது நடக்கக்கூடியது, அதுவும் அழுத்தம் உயர்ந்து, அதை யாரும் கண்டுபிடிக்காமல் விட்டால் மட்டும். தாண்டிப் போடாததும் திடீரென்று நிறுத்தாததும் செய்ய வேண்டியவை. பிரித்தபின் புதிதாகப் பிறந்த ஒவ்வொரு வினைமுற்றும் இந்தக் குறியோடு ஒத்துப்போக வேண்டும்.

சொன்னவர் யார் என்பதையும் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். "என்று கருதுகின்றனர்" கடைசியில் இருந்தால் அது கடைசி வாக்கியத்தை மட்டும்தான் மூடும். தரைப்பால வாக்கியத்தை நான் இப்படிப் பிரிப்பேன்:

> பொறியாளர்களின் கணிப்பு இது: நீர்வரத்து இதே அளவில் நீடித்தால், இரண்டு நாளில் நீர்மட்டம் 69 அடியை எட்டக்கூடும். எட்டினால் உபரிநீரைத் திறக்க நேரக்கூடும். அப்படித் திறந்தால் மதுரையில் ஆற்றோரத் தரைப்பாலங்கள் மூழ்கக்கூடும்.

"எட்டினால்", "அப்படித் திறந்தால்" என்று வருவதைக் கவனியுங்கள். எச்சம் செய்துகொண்டிருந்த வேலை இது. முன்னது நடந்தால்தான் பின்னது என்பதை எச்சம் சத்தமில்லாமல் சொல்லும். முற்றாக்கிய பிறகு வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அறிகுறி: இப்போது எல்லாமே "லாம்"

மேலே சொன்னதைப் படித்துவிட்டுப் பயந்து, போகிற இடமெல்லாம் "லாம்" தூவுவது அடுத்த கட்டம். "வீக்கத்தைக் குறைக்க மருந்து தரப்படலாம். இதனால் சிலருக்கு அழுத்தம் உயர வாய்ப்பு இருக்கலாம். நரம்பு பாதிக்கப்படலாம். மருத்துவர் சொன்னால் நிறுத்தலாம்." இதில் முதல் வாக்கியம் மூலத்தைவிடத் தளர்ந்துவிட்டது, மூலம் "வழக்கமாக" என்கிறது, "ஒருவேளை" என்று சொல்லவில்லை. இரண்டாவதில் ஐயத்துக்கு மேல் ஐயம். "வாய்ப்பு உண்டு" என்றாலே ஐயம் வந்துவிட்டது. அதற்கும் ஒரு "இருக்கலாம்" போட்டால், எழுதியவருக்கே தெரியாது போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார்.

நான்காவதில்தான் உண்மையான சிக்கல். "லாம்" என்பதற்குத் தமிழில் இரண்டு வேலை. "மழை வரலாம்" என்றால் வாய்ப்பு. "உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. ஒரே தாளில் "அழுத்தம் உயரலாம்" என்றும் "மருந்தை நிறுத்தலாம்" என்றும் வந்தால் பெரும்பாலானோர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் "கண்ணில் நீர் வடியலாம்" என்று படித்துவிட்டு, "வடிஞ்சா பரவாயில்லன்னு சொல்லியிருக்கு" என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாய்ப்பை அவர் அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

நான் வைத்திருக்கும் வழக்கம்: நோயாளி கையில் போகும் தாளில் "லாம்" அனுமதிக்கு மட்டும். வாய்ப்புக்குக் "கூடும்" அல்லது "வாய்ப்பு உண்டு". இரண்டையும் ஒரே தாளில் கலக்க மாட்டேன், ஏனென்றால் சொல் மாறினால் அளவும் மாறுகிறதோ என்று படிப்பவர் நினைப்பார்.

கூடும் என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. "அழுத்தம் கூடும்" என்று எழுதினால், "அதிகமாகும்" என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். பிறகு "கூடக்கூடும்" என்று எழுத வேண்டி வரும். அதைப் படித்து அச்சகத்தில் சிரிப்பார்கள். அழுத்தம், வலி, எடை மாதிரி ஏறி இறங்கும் பொருள் வருகிற இடத்தில் "உயர", "அதிகமாக" என்று வினையை மாற்றிக்கொண்டு, பிறகு கூடும் போடுங்கள்.

அறிகுறி: "யாருக்கு?" என்று கேட்கிறார்கள், அல்லது தவறான ஆளுக்குப் போய்ச் சேர்கிறது

ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். தமிழ் விவரத்தையெல்லாம் அடுக்கிவிட்டுப் பெயரைச் சொல்லும். மூலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நாலு விவரம் தொங்கினால், மொழிபெயர்ப்பில் நாலு பெயரெச்சம் ஒரு பெயருக்கு முன்னால் வரிசையில் நிற்கும். படிப்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பத்தியில் "கண்டறியப்படாமல் விடப்பட்டால்" என்பது அழுத்த உயர்வைப் பற்றியது. ஆனால் அது வரும் இடத்தில் முன்னால் நிற்பவர்கள் நோயாளிகள். அதனால் நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்களைப் பற்றிய பேச்சு என்று தோன்றிவிடுகிறது.

பெயரெச்சத்தைப் பிரித்துத் தனி வாக்கியமாக்குவதுதான் தீர்வு. ஆனால் எல்லாப் பெயரெச்சத்தையும் பிரிக்க முடியாது. சில பெயரெச்சம் கூடுதல் தகவல் தரும். சில, கூட்டத்திலிருந்து ஆளைப் பொறுக்கி எடுக்கும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காற்புள்ளி காட்டும். தமிழில் "பரிந்துரைக்கப்படும் மருந்து" என்பதும் "நோய் உள்ள நோயாளிகள்" என்பதும் பார்க்க ஒரே மாதிரி. எனவே வரைவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள், மூலத்தைத் திறந்து வையுங்கள்.

ஒரு சோதனை உண்டு. பெயரெச்சத் தொடரை விரலால் மறைத்துப் படியுங்கள். பேச்சில் வரும் ஆட்கள் மாறவில்லை என்றால் அது கூடுதல் தகவல், தாராளமாகப் பிரிக்கலாம். திடீரென்று எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் அது பொறுக்கும் பெயரெச்சம். "வீக்கத்தைக் குறைப்பதற்காகச் சில வாரங்களுக்குப் பரிந்துரைக்கப்படும்" என்பதை மறைத்தாலும் மருந்து அதே மருந்துதான். அதைத் தனி வாக்கியமாக்கி முதலில் வைத்தேன். "ஏற்கனவே கண் நீர் அழுத்த நோய் உள்ள" என்பதை மறைத்தால் எல்லா நோயாளிகளும் வந்துவிடுகிறார்கள். அதைப் பிரித்தாலும் அதற்குரிய ஆட்களைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

என் முதல் வெட்டில் இங்கே இன்னொரு தப்பும் செய்திருந்தேன். மூலம் சொல்வது: சிலருக்கு உயரக்கூடும், குறிப்பாக இன்னின்னாருக்கு. நான் எழுதியது: இன்னின்னாருக்கு ஆகலாம். "சிலருக்கு" என்பதும் "குறிப்பாக" என்பதும் போய்விட்டன. அந்த நோய் தனக்கும் இல்லை, வீட்டிலும் இல்லை என்பவர், நமக்கு ஒன்றும் வராது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவார். "குறிப்பாக" என்பது உள்வட்டம். "சிலர்" என்பது வெளிவட்டம். பிரிக்கும்போது வெளிவட்டத்துக்கு ஒரு வாக்கியம், அதற்குப் பின் உள்வட்டத்துக்கு ஒரு வாக்கியம் என்று இந்த வரிசையில்தான் வர வேண்டும்.

"குறிப்பாக" என்பதை "அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்" என்று விரித்து எழுதவும் ஆசை வரும். மருத்துவத்தில் அது உண்மைதான். ஆனால் மூலத்தை எழுதியவர் அளவு எதையும் ஒப்பிடவில்லை. அதை நான் எழுதினால் பிரிப்பதை விட்டுவிட்டுச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன் என்று பொருள். "குறிப்பாக" என்பதையே வைத்தேன்.

அறிகுறி: "அது" எது என்று தெரியவில்லை

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "அது பார்வை நரம்பைச் சேதப்படுத்தும்" என்று நான் எழுதியதில் "அது" அழுத்தம். பூக்கார அக்காவுக்கு அது மருந்து. பிரித்த வாக்கியத்தில் "இது", "அது", "இதனால்" என்று தொடங்கினால், அதற்கு முன்னால் எத்தனை அஃறிணைப் பெயர் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் பெயரையே திருப்பி எழுதுங்கள். "அந்த உயர்ந்த அழுத்தம்" என்று மறுபடி சொல்வது பள்ளிக்கூடக் கட்டுரையில் குறையாகப் படலாம். மருந்துத் தாளில் அப்படி இல்லை.

அறிகுறி: தடை ஒரு பக்கம், விலக்கு ஒரு பக்கம்

"மருத்துவர் கூறினால் ஒழிய" என்ற ஒரு தொடர் மூலத்தில் இரண்டு தடையையும் தாங்கிக்கொண்டிருந்தது: குறித்த காலத்தைத் தாண்டிப் போடாதே, திடீரென நிறுத்தாதே. நான் இரண்டையும் இரண்டு வாக்கியமாக்கி, விலக்கை மூன்றாவதாக வைத்து, "மருத்துவர் சொன்னால் நிறுத்தலாம்" என்று முடித்தேன். விளைவாக விலக்கு நிறுத்துவதற்கு மட்டும் என்றாகிவிட்டது. மருத்துவரே இன்னும் இரண்டு வாரம் போடச் சொன்னால், "தாள்ல கூடாதுன்னு இருக்கே" என்று குழம்புவார்கள்.

அதைவிட மோசம், "காலத்தைத் தாண்டி" என்ற எல்லையை உதறிவிட்டு "தொடர்ந்து போடக் கூடாது" என்று எழுதியிருந்தேன். தொடர்ந்து போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றால் மனிதன் என்னதான் செய்வான்? தடை வாக்கியத்தைப் பிரிக்கும்போது எல்லையைச் சொல்லும் அடை தடையோடே ஒட்டியிருக்க வேண்டும். விலக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடைக்கு உரியதென்றால் ஒவ்வொரு தடையோடும் திரும்பச் சொல்ல வேண்டும். "ஒழிய" என்பது பேச்சில் அருகிவிட்டது. "மருத்துவர் சொல்லாமல்" என்று தொடங்கினால் விலக்கும் தடையும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இதே இடத்தில் "எனவே" என்பதையும் பார்த்துவிடலாம். மூலத்தில் ஒரே காரணம், அதன் பின்னால் இரண்டு தடை. அழுத்தம் உயரக்கூடும் என்பதால் தாண்டிப் போடாதே, சரி. ஆனால் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் திடீரென நிறுத்தாதே? அது எப்படிப் பொருந்தும்? நீள வாக்கியத்தில் இது தெரியவே இல்லை. பிரித்து வரிசையாக வைத்ததும் துருத்திக்கொண்டு நின்றது. பிரிப்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு, மூலத்தின் ஓட்டை வெளியே தெரியும்.

ஓட்டையை நாமே அடைக்கக் கூடாது. திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். தெரியும் என்பதற்காக எழுத முடியாது. ஓரத்தில் ஒரு கேள்வியாகக் குறித்து, தாளை அனுப்பிய மருத்துவரிடம் கேட்டேன்: "திடீரென நிறுத்தக் கூடாது என்பதற்கும் அழுத்தம்தான் காரணமா, வேறா?" பதில் அன்று மாலையே வந்தது. வேறு காரணம்தான், நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரக்கூடும், அதனால்தான் படிப்படியாகக் குறைப்பது, மூலத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறோம் என்றார். அப்படி மூலத்தில் சேர்ந்த பிறகுதான் தமிழிலும் சேர்த்தேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. மூலத்தில் "அதன் பின்" என்று மட்டும் இருக்கும். பிரிக்கிறவர் ஓசைக்காக "அதனால்" என்று ஒட்டிவிடுவார். காலத்தில் பின்னால் வந்தது காரணத்தால் வந்ததாகிவிடும். இணைப்புச் சொல் எதைப் போட்டாலும் மூலத்தில் அதற்கு நேராக ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் இணைப்பே இல்லாமல் இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

பிரிக்காமல் விட வேண்டிய இடம்

அதே தாளில் இன்னொரு வாக்கியம்: "வலி அதிகமானாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்." பத்துச் சொல்தான். ஆனாலும் கை பரபரத்தது, மூன்று வாக்கியமாக்கலாமே என்று. "வலி அதிகமாகும். கண் சிவக்கும். பார்வை மங்கும். அப்போது வாருங்கள்" என்றால் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் போக வேண்டும் என்று படிப்பார்கள். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவது அரிது, ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பார்வையைக் கெடுக்கக்கூடியது. மூன்றில் ஒன்று வந்தாலே ஓட வேண்டும். "ஆலோ" அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. விட்டுவிட்டேன்.

கடைசியில் வந்தது

> அறுவைக்குப் பிறகு வீக்கம் குறைவதற்காக, ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வழக்கமாகச் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். இந்த மருந்தால் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் உயரக்கூடும். குறிப்பாக, ஏற்கனவே கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தவர்களுக்கும் இப்படி ஆகக்கூடும். அழுத்தம் உயர்ந்ததைக் கண்டுபிடிக்காமல் விட்டால், அந்த உயர்ந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடும். அதனால், மருத்துவர் சொல்லாமல், அவர் குறித்த நாட்களைத் தாண்டி மருந்தைப் போடக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தவும் கூடாது. திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரக்கூடும்.

இதுவும் ஏழு வாக்கியம்தான். ஆனால் முதல் வெட்டைவிட நீளம், மூலத்தைவிடவும் நீளம். தாளில் இரண்டு வரி கூடுதலாகப் பிடித்தது என்று அச்சகத்தில் முணுமுணுத்தார்கள். எழுத்தைச் சின்னதாக்கச் சம்மதிக்காமல், மேலே இருந்த படத்தைக் குறைக்கச் சொன்னேன்.

சரிபார்க்க நான் செய்வது ஒன்றே ஒன்று. பதில் மூலத்தில் தெளிவாக இருக்கும் கேள்விகளாக நாலைந்து எழுதிக்கொண்டு, பிரித்த தமிழை மட்டும் ஒருவருக்குப் படித்துக் காட்டிக் கேட்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது, மரியாதைக்கு எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மறுபடி கீழே இறங்கிப் பூக்கார அக்காவிடம் போனேன்.

"இந்த மருந்து போட்டா எல்லாருக்கும் அழுத்தம் ஏறுமாக்கா?"

"இல்ல, சிலருக்குத்தான். ஏறுனாலும் ஏறும்."

"நரம்பு எதனால கெடும்?"

"அழுத்தம் ஏறி, யாரும் பாக்காம விட்டா."

"கெட்டே போயிருமா?"

"போகக்கூடும்னுதான் படிச்சீக."

"டாக்டர் இன்னும் ஒரு வாரம் போடச் சொன்னா?"

"போட வேண்டியதுதான். அவர் சொல்லாம நாமளாப் போடக் கூடாது. நாமளா நிப்பாட்டவும் கூடாது."

நாலும் சரி. தாளை மடித்துக்கொண்டு படியேறப் போனேன். அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, குடும்பத்துல யாருக்காவது இருந்தான்னு போட்டிருக்குல்ல. எங்க மாமியாருக்கு இருந்துச்சு. அப்ப எனக்கும் வருமா?"

ஆங்கில மருத்துவ வழக்கில் குடும்ப வரலாறு என்றால் இரத்த உறவில் என்று பொருள். நம் குடும்பத்தில் மாமியார் இல்லாமல் எப்படி? ஐம்பது சொல்லுக்குள் புதைந்து கிடந்தவரை மொழிபெயர்த்தவர், நான், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் எவர் கண்ணிலும் இது படவில்லை. அச்சகத்துக்குப் போன் போட்டு, "குடும்பத்தில்" என்பதை எடுத்துவிட்டு "இரத்த உறவில்" என்று மாற்றச் சொன்னேன்.